சந்திரன் திரும்பி வரும் நேரத்து ஜாதகம்: அதில் சந்திரன் நிற்கும் வீட்டை வைத்து மாத பலன் பார்ப்பது எப்படி?

கேள்வி: "லூனார் ரிட்டர்ன் ஜாதகம் போட்டு, அதில் சந்திரன் எந்த வீட்டில் இருக்கிறதோ அதை வைத்து அந்த மாதத்தைச் சொல்லலாம் என்கிறார்கள். எப்படிக் கணிப்பது? ஒரே பிறப்பு விவரத்துக்கு இரண்டு மென்பொருளில் இரண்டு லக்னம் வருகிறது, சந்திரன் ஒன்றில் 9ல், இன்னொன்றில் 10ல். எதை நம்புவது?"

இந்த ஜாதகத்தில் சந்திரனின் ராசி ஒருநாளும் மாறாது. பிறந்தபோது சந்திரன் மகரத்தில் இருந்தால், நீங்கள் போடும் ஒவ்வொரு ரிட்டர்ன் ஜாதகத்திலும் அது மகரத்தில், அதே பாகையில்தான் இருக்கும். அந்தப் பாகைக்குச் சந்திரன் மறுபடி வரும் நொடியைப் பிடித்துத்தானே ஜாதகமே போடுகிறோம். மாதத்துக்கு மாதம் மாறுவது லக்னம். லக்னம் மாறுவதால் சந்திரன் நிற்கும் வீடு மாறுகிறது. ஆகவே மாத பலனில் சந்திரனைப் பற்றிப் புதிதாகக் கிடைக்கும் முதல் செய்தி அந்த வீட்டு எண்தான், அந்த எண் முழுக்க முழுக்க லக்னத்தை நம்பி நிற்கிறது. உங்கள் இரண்டு மென்பொருள் சண்டையும் சந்திரனைப் பற்றியது அல்ல, லக்னத்தைப் பற்றியது. அதைக் கீழே கணக்கோடு காட்டுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடலாம். நம் மரபில் வருஷபலனோடு சேர்த்துப் போடும் மாதப் பிரவேச ஜாதகம் சூரியன் ஒவ்வொரு 30 பாகையையும் கடக்கும் நேரத்துக்குப் போடுவது. அது வேறு. லூனார் ரிட்டர்ன் மேற்கத்திய ஜோதிடத்தில் வளர்ந்த முறை, இங்கே சூரியனுக்கு வேலை இல்லை. நமக்குப் பழக்கமான ஒன்றோடு ஒப்பிட வேண்டுமென்றால், மாதாமாதம் வரும் ஜென்ம நட்சத்திர நாளைச் சொல்லலாம். கோயிலில் அர்ச்சனை செய்யும் அந்த நாளுக்குள், உங்கள் பிறப்புச் சந்திரனின் பாகையும் கலையும் கச்சிதமாகப் பொருந்தும் ஒரு நிமிடம் இருக்கிறது. அந்த நிமிடத்துக்கான ஜாதகம் இது.

ஒரு ரிட்டர்னிலிருந்து அடுத்ததற்குச் சராசரியாக 27 நாள் 7 மணி 43 நிமிடம் ஆகும். சந்திரனின் வேகம் சீரானது அல்ல, நாளொன்றுக்குப் பன்னிரண்டு பாகைக்குச் சற்றுக் குறைவிலிருந்து பதினைந்துக்குச் சற்று மேல் வரை மாறும். அதனால் இந்த இடைவெளியும் சில மணி நேரம் கூடும், குறையும். ஆண்டுக்கு 13 ரிட்டர்ன், சில ஆண்டுகளில் 14. "அக்டோபர் மாத பலன்" என்று ஆங்கில மாதத்துக்குச் சொல்ல வேண்டுமென்றால் பெரும்பாலும் இரண்டு ஜாதகம் தேவைப்படும். பலர் ஒன்றை மட்டும் போட்டு முப்பது நாளுக்கும் இழுத்துவிடுகிறார்கள்.

கணக்குக்கு வருவோம். எடுத்துக்காட்டுக்கு ஒரு பெண்ணின் ஜாதகம்: வயது 34, துலா லக்னம், சந்திரன் மகரத்தில் 17 பாகை 26 கலை 40 விகலை, அதாவது திருவோணம் 3ம் பாதம். தற்போது இருப்பது மதுரையில். செப்டம்பர் 27 காலை 5.30க்குத் திருக்கணிதப்படி சந்திரன் மகரம் 8 பாகை 52 கலையில் இருக்கிறது. மறுநாள் 5.30க்கு மகரம் 21 பாகை 28 கலை. ஒரு நாளில் நகர்ந்தது 12 பாகை 36 கலை, பாகைக்கு 60 கலை என்ற கணக்கில் 756 கலை. பிறப்புப் பாகையை எட்ட இன்னும் போக வேண்டியது 8 பாகை 34 கலை 40 விகலை, ஏறத்தாழ 514.7 கலை.

```
514.7 ÷ 756 × 24 = 16.34 மணி = 16 மணி 20 நிமிடம்
காலை 5.30 + 16.20 = இரவு 9.50
```

இரவு 9.50க்கு மதுரையில் லக்னம் ரிஷபம் 11 பாகை அளவில் வரும். ரிஷபத்திலிருந்து மகரம் ஒன்பதாவது. இந்த மாதத்துக்குச் சந்திரன் 9ல்.

கையால் போடும்போது ஒரு நாள் முழுக்கச் சந்திரன் ஒரே வேகத்தில் போனதாக எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்த 24 மணிக்குள்ளேயே வேகம் கொஞ்சம் மாறும். அதனால் ஐந்து நிமிடம் வரை பிசகலாம், லக்னத்தில் அது ஒன்று, ஒன்றரை பாகை. மேலே உள்ளதுபோல் லக்னம் ராசியின் நடுப்பக்கம் விழுந்தால் கவலையில்லை. ராசியின் முதல் இரண்டு பாகையிலோ கடைசி இரண்டு பாகையிலோ விழுந்தால் கைக்கணக்கை நம்பாமல் மென்பொருளில் போட்டுப் பாருங்கள்.

இனி பிசகு வரும் இடங்கள். சந்திரன் ஒரு பாகை நகர ஒரு மணி 49 நிமிடம் சராசரியாக ஆகிறது. அதே நேரத்தில் லக்னம் 27 பாகை ஓடிவிடும். இந்த ஒரு விகிதத்தை மனதில் வைத்தால் எல்லாப் பிசகும் புரியும்: சந்திரனில் சிறு கவனக்குறைவு, லக்னத்தில் பெரிய தாவல்.

மிகச் சாதாரணமான தவறு, பிறப்புச் சந்திரனை "மகரம் 17" என்று முழுப் பாகையாக எடுத்துக்கொள்வது. விட்டது 26 கலை 40 விகலைதான். ஆனால் அந்த நாளின் வேகத்தில் அது 51 நிமிடம். ரிட்டர்ன் இரவு 8.59க்குப் போய்விடும். அந்த நேரத்துக்கு லக்னம் மேஷத்தின் கடைசிப் பாகைகளில் நிற்கிறது, சந்திரன் 10க்குப் போய்விடுகிறது. குறைந்தது கலை வரைக்கும், முடிந்தால் விகலை வரைக்கும் எடுங்கள். பழைய நோட்டு ஜாதகங்களில் இது எழுதியிருக்காது. நட்சத்திர பாதம் மட்டும் இருக்கும். ஒரு பாதம் என்பது 3 பாகை 20 கலை, சந்திரனுக்கு ஆறு மணி நேரம். அதை வைத்து ரிட்டர்ன் போடவே முடியாது, பிறந்த நேரத்திலிருந்து மறுபடி கணித்தாக வேண்டும்.

இரண்டாவது தவறு, உங்கள் கேள்விக்கு நேரான விடை: அயனாம்சம். மேற்கத்திய மென்பொருள்கள் வசந்த காலச் சம இரவுப் புள்ளியிலிருந்து அளக்கும் சாயன முறையில் ரிட்டர்ன் நேரத்தைப் பிடிக்கின்றன. நாம் நட்சத்திரங்களை வைத்து அளக்கும் நிராயனத்தில் பிடிக்கிறோம். இந்த இரண்டு அளவுக்கும் உள்ள இடைவெளிதான் அயனாம்சம், அது ஆண்டுக்கு ஏறத்தாழ 50.3 விகலை கூடிக்கொண்டே போகிறது. அந்தப் பெண்ணுக்கு 34 வயதுக்குள் சேர்ந்தது 28 கலைக்குச் சற்று மேல். சாயனத்தில் பிடித்தால் சந்திரன் அந்தளவுக்கு முன்னாலேயே "வந்துவிட்டது" என்று கணக்காகும், ரிட்டர்ன் 54 நிமிடம் முந்தும். இரவு 8.56, நிராயன லக்னம் மேஷம் 27 பாகை, சந்திரன் 10ல். நிராயனத்தில் பிடித்தால் 9.50, ரிஷப லக்னம், சந்திரன் 9ல். இரண்டு மென்பொருளும் சரியாகத்தான் கணக்குப் போடுகின்றன, கேட்கும் கேள்விதான் வேறு. குழந்தைகளுக்கு இந்த வேறுபாடு சில நிமிடம்தான். எழுபதைத் தாண்டியவருக்கு இரண்டு மணி நேரத்தை நெருங்கும், லக்னம் ஒரு ராசி தள்ளிப்போவது கிட்டத்தட்ட உறுதி.

இதில் அதிகம் பேர் கவனிக்காத ஒன்று உண்டு. நிராயனத்தில் பிடிப்பது என்று முடிவு செய்துவிட்டால், எடுக்கும் அயனாம்சம் லஹிரியா, கேபியா, ராமனா என்பது ரிட்டர்ன் *நேரத்தை* மாற்றாது என்றே சொல்லலாம். பிறப்பிலும் ரிட்டர்னிலும் ஒரே அயனாம்சத்தைக் கழிப்பதால் அந்த வேறுபாடு அடிபட்டுப் போகும். லக்னப் பாகையை மட்டும் அது கொஞ்சம் நகர்த்தும். சண்டை போட வேண்டியது சாயனமா நிராயனமா என்பதற்குத்தான். ராசிக்கட்டத்தை நிராயனத்தில் படிப்பவர்கள் நேரத்தையும் நிராயனத்திலேயே பிடிப்பதுதான் முறை. நேரத்தைச் சாயனத்தில் எடுத்து, கட்டத்தை நிராயனத்தில் எழுதினால் அந்தக் கட்டத்தில் சந்திரன் பிறப்புப் பாகையில் இருக்காது. நம் எடுத்துக்காட்டில் மகரம் 16 பாகை 58 கலை என்று காட்டும். ரிட்டர்ன் ஜாதகம் கையில் கிடைத்ததும் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான்: அதில் உள்ள சந்திரனின் பாகை, கலையும் பிறப்பு ஜாதகத்தின் பாகை, கலையும் ஒன்றா? இல்லையென்றால் கலப்படம். அயனாம்சத் திருத்தத்தோடு போட விரும்பினால் சில மென்பொருள்களில் `Precession corrected` என்ற தேர்வு இருக்கும், அதை இயக்கினால் நிராயன நேரம் கிடைக்கும்.

வாக்கியப் பஞ்சாங்கப்படி கணித்த பிறப்புச் சந்திரனை எடுத்துக்கொண்டு திருக்கணித மென்பொருளில் ரிட்டர்ன் தேடுவதும் இதே வகைக் கலப்படம்தான். இரண்டு முனையும் ஒரே கணிதத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஊர். ரிட்டர்ன் நேரம் உலகம் முழுக்க ஒரே கணம், லக்னம்தான் ஊருக்கு ஊர் மாறும். அதே இரவு 9.50ல் அந்தப் பெண் சிங்கப்பூரில் இருந்திருந்தால் அங்கே மணி நள்ளிரவு 12.20, லக்னம் மிதுனத்தின் தொடக்கம், சந்திரன் 8ல். துபாயில் இருந்திருந்தால் இரவு 8.20, லக்னம் மேஷம் 23 பாகை அளவு, சந்திரன் 10ல். மூன்று ஊர், மூன்று வீடு. பிறந்த ஊருக்குப் போடுவதா, இருக்கும் ஊருக்குப் போடுவதா என்பதில் ஜோதிடர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அந்தக் கணத்தில் உடம்பு எங்கே இருக்கிறதோ அந்த ஊருக்குப் போடுவதே பொருத்தம் என்பது என் கருத்து. லக்னம் என்பதே ஓர் இடத்துக் கீழ்வானத்தில் உதிக்கும் புள்ளி, ஆள் இல்லாத ஊரின் கீழ்வானத்தை வைத்து என்ன செய்ய? அதற்காக 8ம் வீட்டைத் தவிர்க்க இரண்டு நாள் பயணம் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்புவது வீண் செலவு. வீட்டுப் பிரச்சினை வீட்டில் அப்படியேதான் இருக்கும்.

நான்காவது, பிறந்த நேரப் பிழை. இங்கே பயப்படும் அளவுக்கு மோசமில்லை. பிறந்த நேரம் 4 நிமிடம் தவறினால் பிறப்புச் சந்திரன் இரண்டு கலை சொச்சம் தவறும், ரிட்டர்ன் நேரமும் ஏறத்தாழ அதே 4 நிமிடம் தவறும், லக்னம் ஒரு பாகை. பிழை பெருகுவதில்லை, அப்படியே கடத்தப்படுகிறது. மருத்துவமனையில் கால் மணிக்கு முழுமையாக்கி எழுதிய நேரமாக இருந்தால் இரண்டு பாகை வரை முன்பின் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். லக்னம் ராசியின் ஓரத்தில் இல்லாத மாதங்களை அப்படிப்பட்டவர்களும் தைரியமாகப் படிக்கலாம்.

இப்போது வீட்டைப் படிப்பது. சந்திரன் நிற்கும் வீடு அந்த 27 நாளில் மனம் எதைச் சுற்றி வரும் என்பதைச் சொல்கிறது. எது நடக்கும், ஜெயமா தோல்வியா என்பதை அது மட்டும் சொல்லாது. இந்த வேறுபாட்டை மறந்தால் பலன் பொய்க்கும். 10ல் சந்திரன் என்றால் வேலை பற்றிய நினைப்பும், நாலு பேர் கண்ணில் படுவதும் அதிகமாகும். பதவி உயர்வும் இருக்கலாம், மேலதிகாரியிடம் தினமும் பதில் சொல்ல வேண்டிய நிலையும் இருக்கலாம், இரண்டும் 10ம் வீடுதான். 4ல் என்றால் வீடு, தாய், வாகனம், குடிமாற்றம், மராமத்து. ஆள் வெளியே திரிந்தாலும் மனம் வீட்டிலேயே இருக்கும். 12ல் என்றால் தூக்கம், செலவு, தனிமை, தூர இடம், மருத்துவமனை வாசல். பொதுவாக 1, 4, 7, 10 ஆகிய கேந்திரங்களில் சந்திரன் நிற்கும் மாதங்கள் வெளிப்படையானவை, நடப்பது மற்றவர்களுக்கும் தெரியும். 3, 6, 9, 12ல் நிற்கும் மாதங்கள் ஓட்டம், ஏற்பாடு, காகித வேலை, எண்ணம் என்று உள்ளுக்குள் ஓடும். மற்ற நான்கும் பணம், பிள்ளை, பங்கு, லாபம் என்று கையிருப்பைச் சுற்றியவை.

8ம் வீட்டைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதைக் கண்டதும் பலர் பதறிப் போகிறார்கள். ரிட்டர்ன் ஜாதகத்தில் சந்திரன் 8ல் இருப்பது சந்திராஷ்டமம் அல்ல. சந்திராஷ்டமம் என்பது நடப்புச் சந்திரன் உங்கள் ராசிக்கு எட்டாம் ராசியில் போகும் இரண்டே கால் நாள். இங்கே சந்திரன் உங்கள் சொந்த ராசியில்தான் நிற்கிறது, லக்னத்திலிருந்து எண்ணும்போது எட்டாவதாக வருகிறது, அவ்வளவே. தவிர, ஆண்டுக்குப் பதின்மூன்று ரிட்டர்ன், வீடு பன்னிரண்டு. எல்லோருக்கும் சராசரியாக ஆண்டுக்கு ஒரு முறை இந்த 8 வரும். ஆண்டுதோறும் ஒரு மாதம் எல்லோருக்கும் ஆபத்து என்று சொல்ல முடியுமா? அந்த மாதத்தில் மனம் சுற்றுவது கடன், காப்பீடு, வரி, வாரிசுச் சொத்து, மற்றவர் பணம், வெளியே சொல்லாத கவலை ஆகியவற்றை. கணக்கைத் தீர்க்க நல்ல மாதம் என்றுகூட இதை எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டு எண்ணோடு இன்னும் இரண்டைச் சேர்த்தால்தான் படம் தெளியும். ஒன்று, பிறப்பு ஜாதகத்தில் சந்திரன் எந்த வீட்டில், எதற்கு அதிபதி. அது மாறாத சாயம், எல்லா மாதத்திலும் ஒட்டியிருக்கும். இரண்டு, ரிட்டர்ன் லக்னம் பிறப்பு ஜாதகத்தில் எந்த வீடாக வருகிறது. இந்த இரண்டையும் பார்க்காமல் ரிட்டர்ன் கட்டத்தை மட்டும் படித்தால், அதே நிமிடத்தில் ரிட்டர்ன் வரும் எல்லோருக்கும் ஒரே பலன் சொல்ல வேண்டி வரும்.

நம் எடுத்துக்காட்டில் படித்துப் பார்ப்போம். பிறப்பில் துலா லக்னம், சந்திரன் 4ல், 10ம் வீட்டு அதிபதி. ஆகவே இந்தப் பெண்ணுக்குச் சந்திரன் என்றாலே வீடும் வேலையும் பிணைந்த விஷயம். இந்த மாதம் அது 9ல் நிற்கிறது: தகப்பனார், பெரியவர்கள், தூரப் பயணம், மேற்படிப்பு, கோயில், சட்டப்படியான தீர்மானம். ரிஷப லக்னத்துக்குச் சந்திரன் 3ம் அதிபதி, 3ம் வீடு உடன்பிறந்தவர், பத்திரம், கடிதப் போக்குவரத்து. ரிட்டர்ன் லக்னமான ரிஷபம் பிறப்பில் 8ம் வீடு. இவற்றைக் கோர்த்தால் வரும் முதல் வாசிப்பு: வீடு அல்லது சொத்து தொடர்பான பேச்சு தகப்பனார் வழியிலோ, பெரியவர்கள் முன்னிலையிலோ, உடன்பிறந்தவரோடும் பத்திரங்களோடும் நடக்கும். பூர்வீகச் சொத்து, பாகப்பிரிவினை போன்ற 8ம் வீட்டு வாடை அதில் அடிக்கும். வெறும் "9ல் சந்திரன், தீர்த்த யாத்திரை" என்பதை விட இது எவ்வளவு குறிப்பாக இருக்கிறது என்று பாருங்கள்.

பேச்சு எப்படிப் போகும் என்பதற்குக் கிரகப் பார்வையைப் பார்க்க வேண்டும். அன்றைய கோச்சாரத்தில் செவ்வாய் மிதுனத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ரிஷப லக்னத்துக்கு 2ல், அதாவது வாக்கு ஸ்தானத்தில். அங்கிருந்து எட்டாம் பார்வையாக மகரச் சந்திரனையே பார்க்கிறது. பெரியவர்கள் முன்னால் சூடான வார்த்தை விழும், அவசரமாகக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். லக்னாதிபதி சுக்கிரன் சிம்மத்தில், 4ல் இருந்தால், ஆள் கடைசியில் கேட்பது பணத்தை அல்ல, வீட்டை. இதே நேரத்தை சிங்கப்பூருக்குப் போட்டால் அதே செவ்வாய் லக்னத்திலேயே ஏறி உட்காரும், சந்திரன் 8ல். சொத்துப் பேச்சு தூரத்திலிருந்து தொலைபேசியில் நடக்க, எரிச்சல் முழுக்க இவர் மேல் விழும் மாதமாக அது மாறிவிடும்.

மாதத்துக்குள் நாள் குறிக்கவும் வழி உண்டு. ரிட்டர்னுக்குப் பிறகு சந்திரன் நகர நகர, அந்த ஜாதகத்தின் முக்கியப் புள்ளிகளைத் தொடும் நாட்களில் விஷயம் கிளம்பும். இந்த ஜாதகத்தில் லக்னப் புள்ளியான ரிஷபம் 11 பாகையைச் சந்திரன் தொடுவது அக்டோபர் 6 வாக்கில். செவ்வாயை மிதுனத்தின் நடுவில் வைத்தால், அதைத் தொடுவது 8ம் தேதி இரவையொட்டி, வாக்குவாதத்துக்கு வாய்ப்புள்ள நாள். பிறப்புப் பாகைக்கு நேரெதிரான கடகம் 17ஐ எட்டுவது 11ம் தேதி, மாதத்தின் பாதி. தொடங்கிய பேச்சு எங்கே நிற்கிறது என்று அப்போது தெரியும். அடுத்த நாளே சந்திரன் சிம்மத்துக்குள் நுழைந்து சந்திராஷ்டமம் தொடங்கி 14 வரை இருக்கும், ஆகவே இறுதிக் கையெழுத்தை அந்த மூன்று நாளுக்கு வைக்க வேண்டாம். சராசரி வேகத்தில் கணக்கிட்ட தேதிகள் இவை, அரை நாள் முன்பின் ஆகும். பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

இந்த முறையின் எல்லையையும் அறிந்திருப்பது நல்லது. தசாபுக்தி காட்டாத பெரிய நிகழ்வை ஒரு மாத ஜாதகம் கொண்டுவராது. கல்யாண யோகமே நடக்காத புக்தியில் சந்திரன் 7ல் வந்தால், அந்த மாதம் ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் போய் வருவார்கள். தவிர, வீட்டுப் பொருள்கள் அகலமானவை, மாதம் முடிந்த பிறகு எதையும் 9ம் வீட்டில் பொருத்திவிடலாம். அதனால் வாசிப்பை ரிட்டர்னுக்கு முன்பே இரண்டு மூன்று வரியில் எழுதி, தேதி போட்டு வையுங்கள். "குடும்பத்தில் ஏதோ பேச்சு" என்று எழுதினால் எப்போதும் பலிக்கும், அதற்கு மதிப்பில்லை. "உடன்பிறந்தவரோடு, பத்திரம் பற்றி, அக்டோபர் இரண்டாம் வாரத்துக்குள்" என்று எழுதினால் தவறவும் வாய்ப்புண்டு, அப்போதுதான் சோதனை. அறிவியல் முறையில் நிறுவப்பட்ட கணிப்பு அல்ல இது, மரபுவழி வாசிப்பு. மருத்துவம், பணமுதலீடு போன்றவற்றை இதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அடுத்த ரிட்டர்னை இப்போதே உத்தேசமாகப் பார்த்துவிடலாமா என்றும் சிலர் கேட்பார்கள். சராசரி இடைவெளியில் வானம் ஏறத்தாழ 143 பாகை கூடுதலாகச் சுழன்றிருக்கும், லக்னம் ஐந்து ராசி அளவுக்கு முன்னே போகும், சந்திரனின் வீடு நாலைந்து எண் குறையும். 9ல் இருந்தது 5க்கோ 4க்கோ வரும். ஐந்து ரிட்டர்னுக்கு ஒருமுறை சராசரியில் கிட்டத்தட்ட அதே வீடு திரும்பும், ஆனால் சந்திரனின் வேக மாற்றத்தால் ஒன்றிரண்டு வீடு தள்ளுவது சகஜம். ஆகவே இது உங்கள் கணக்கில் பெரிய தப்பு இருக்கிறதா என்று பார்க்க உதவும், கணக்குக்குப் பதிலாகாது.

நம் எடுத்துக்காட்டிலேயே அது தெரியும். செப்டம்பர் 27 இரவு 9.50க்குச் சராசரி இடைவெளியைக் கூட்டினால் அக்டோபர் 25 காலை 5.33. மதுரையில் லக்னம் கன்னி 28 பாகை. ராசிக்கட்டத்தில் எண்ணினால் சந்திரன் 5ல். லக்னப் பாகையிலிருந்து வீட்டைத் தொடங்கும் சமபாவ முறையில் ஐந்தாம் வீடு மகரம் 28ல்தான் தொடங்குகிறது, சந்திரன் 17ல் இருப்பதால் 4ல். உண்மையான நேரம் பத்து நிமிடம் தள்ளினாலே லக்னம் துலாத்துக்குப் போய், ராசிக்கட்டத்திலும் 4 ஆகிவிடும். இப்படி லக்னம் ஓரத்தில் நிற்கும் மாதத்தில் பிறப்புச் சந்திரனை விகலை வரை எடுத்துத் துல்லியமாகக் கணிக்க வேண்டும். அதற்குப் பிறகும் இரண்டு முறையும் இரண்டு எண் சொன்னால், பிள்ளைகள் பற்றிய 5ம் வீட்டுப் பலனையும் வீடு பற்றிய 4ம் வீட்டுப் பலனையும் தனித்தனியாக எழுதி வையுங்கள். இந்தப் பெண்ணுக்குத் துலாம் சொந்த லக்னமும்கூட, ரிட்டர்ன் லக்னம் அங்கே விழுந்துவிட்டால் வீடுகள் அப்படியே பிறப்பு ஜாதகத்தின் மேல் பொருந்தும், சந்திரன் பிறப்பில் நின்ற அதே 4ல் நிற்கும். சொத்துப் பேச்சு முடிந்து வீட்டுக்குக் குடிபோகும் மாதமா, பேச்சு முறிந்து பழைய வீட்டிலேயே தங்கும் மாதமா என்பதை அப்போது சுக்கிரனும் சனியும் நிற்கும் இடத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.